வணிக மின்னஞ்சல்களின் இயந்திர மொழிபெயர்ப்பும் பின்திருத்தமும்: வடசென்னைத் துறைமுக வட்டாரத்தை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில வணிக மின்னஞ்சல்களை இயந்திரம் தமிழாக்கும்போது தோன்றும் பிழைகளுள் வாசிப்பைத் தடுப்பவை எளிதில் பிடிபடுகின்றன. விலையையும் நாளையும் கடப்பாட்டையும் ஓசையின்றி மாற்றுபவை பிடிபடுவதில்லை. எண் ஒப்பீடு, மறுமொழிபெயர்ப்பு ஆகிய வழக்கமான இரு சோதனைகளும் இவ்வகைப் பிழைகளை ஏன் தவறவிடுகின்றன என்பதை ஒரு மாதிரி மின்னஞ்சலைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. மூலத்தைப் படிக்கும் முன்னர்த் தமிழை மட்டும் படித்துக் கணக்கிடும் முறையை மாற்றாக முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: இயந்திர மொழிபெயர்ப்பு, பின்திருத்தம், வணிகத் தமிழ், கடப்பாட்டு வினை, புளியந்தோப்பு

முன்னுரை

சென்னைத் துறைமுகத்திற்கும் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கும் வந்திறங்கும் சரக்கைச் சார்ந்து இராயபுரம், திருவொற்றியூர், புளியந்தோப்பு ஆகிய பகுதிகளின் சிறுதொழில்களில் ஒரு பகுதி இயங்குகிறது. கப்பல் முகவர், கிளியரிங் ஏஜென்ட் ஆகியோரின் அலுவலகங்களில் கடிதப் போக்குவரத்து ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. டிரெய்லர் உரிமையாளரும் பட்டறைக்காரரும் தமிழில் படித்தே முடிவெடுக்க விரும்புவர். இவ்விடைவெளியை நிரப்ப இயந்திர மொழிபெயர்ப்பும், அதன் மேல் மனிதர் செய்யும் பின்திருத்தமும் பயன்படுகின்றன.

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011-இல் சேர்க்கப்பட்டது. 2017-இல் அது நரம்பியல் வலைப்பின்னல் முறைக்கு மாறியது. முந்தைய முறையில் தொடர்கள் உடைந்து வந்தமையால் படிப்பவர் எச்சரிக்கையுடன் இருந்தார். புதிய முறை சரளமான தொடர்களைத் தருகிறது. நிலுவைத் தொகையைக் குறிக்கும் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்னும் சொல் ‘சிறந்த’ என்று வந்துவிட்டால் வாசகர் திகைத்து நின்று கேட்பார். அப்பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. இழப்பு நேர்வது வாசகர் திகைக்காமல் கடந்துபோகும் இடங்களில்தான்.

மின்னஞ்சல் என்பதால் இதனை இலேசாகக் கொள்ள இயலாது. டிரைமெக்ஸ் இன்டர்நேஷனல் எதிர் வேதாந்தா அலுமினியம் வழக்கில், முறையான ஒப்பந்தப் பத்திரம் கையொப்பமாகாத நிலையிலும், பாக்சைட் விற்பனை குறித்து இரு தரப்பும் பரிமாறிக்கொண்ட மின்னஞ்சல்களே முடிவுற்ற ஒப்பந்தமாக அமைந்தன என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. ஒரு மின்னஞ்சலுக்குத் தமிழ் வடிவத்தை மட்டும் படித்து ‘சரி’ என்று விடையனுப்புபவர், தாம் அறியாத ஒரு கடப்பாட்டுக்கு இசைந்தவராகிவிடக்கூடும்.

மாதிரி மின்னஞ்சல்

ஆய்வின் பொருட்டு அமைக்கப்பட்ட மாதிரி இது. எழுதுபவர் ஒரு கப்பல் முகவர். பெறுபவர் இயந்திர உதிரிப் பாகங்களை இறக்குமதி செய்யும் புளியந்தோப்புப் பட்டறை உரிமையாளர். ஆங்கில மூலம் ஐந்து செய்திகளைச் சொல்கிறது. கண்டெய்னர் கப்பலிலிருந்து இறங்கிய நாள் ஜூன் 5. அதிலிருந்து 7 நாள்கள் கட்டணமில்லை. அதன்பின் நாளொன்றுக்கு 4,000 ரூபாயாக இருந்த டிடென்ஷன் கட்டணம் 1,500 ரூபாய் குறைக்கப்படும். எழுத்து இசைவின்றிக் கண்டெய்னரை வேறு யார்டுக்கு மாற்றக் கூடாது. காலிக் கண்டெய்னரை யார்டில் இறக்கும் கட்டணத்தை முகவர் தரப்பு ஏற்கும்.

எண் மாறாமல் விலை மாறுதல்

‘ரூ.1,500 குறைக்கப்படும்’, ‘ரூ.1,500-ஆகக் குறைக்கப்படும்’ என்னும் இரு தொடர்களையும் வேறுபடுத்துவது ‘ஆக’ என்னும் ஒரே உருபு. முதல் தொடரின்படி நாள் கட்டணம் 2,500 ரூபாய். இரண்டாவதன்படி 1,500 ரூபாய். ஆங்கிலத்தில் ‘பை’, ‘டு’ என்னும் முன்னிடைச்சொற்கள் இவ்வேறுபாட்டைத் தாங்குகின்றன. இயந்திரம் இங்குச் சறுக்கினாலும் தமிழ்த் தொடர் இலக்கண வழுவின்றியே நிற்கும். 1,500 என்பது நம்பத்தக்க கட்டணமாகவும் இருப்பதால் ஐயம் எழுவதில்லை. பத்து நாள் தாமதத்திற்கு 15,000 ரூபாய் என எண்ணியிருந்தவருக்கு 25,000 ரூபாய்க்குக் கேட்புச்சீட்டு வரும்.

மொழிபெயர்ப்பு மென்பொருள்களிலுள்ள எண் ஒப்பீட்டுச் சோதனை, மூலத்திலுள்ள எண்கள் இலக்கிலும் உள்ளனவா என்றே பார்க்கிறது. 4,000, 1,500 ஆகிய இரண்டும் இரு பக்கமும் இருப்பதால் அச்சோதனை நிறைவு பெறுகிறது. எண் பிழைபடவில்லை, எண்ணின் வேலை பிழைபட்டது. எனவே எண்ணை மட்டும் அன்றி, அதனைத் தொடரும் உருபையும் சேர்த்தே ஓர் அலகாகக் கொண்டு பின்திருத்துநர் சரிபார்த்தல் வேண்டும்.

மறுமொழிபெயர்ப்பின் போலி உறுதி

தமிழ் வடிவத்தை மீண்டும் ஆங்கிலத்திற்கு மாற்றி மூலத்தோடு ஒப்பிடுவது பரவலான மற்றொரு சோதனை. ‘பை’ – ‘டு’ போன்ற பிழையை இது வெளிக்கொணரக்கூடும். கடப்பாட்டுப் பிழைகளிலோ இது நேர்மாறாகச் செயல்பட்டு, பிழையைச் சரியென்று உறுதிப்படுத்துகிறது.

மூலத்திலுள்ள ‘மே நாட்’ என்பது இவ்விடத்தில் தடையைக் குறிக்கிறது. ஆனால் அதே ஆங்கிலத் தொடர் ‘செய்யாமலும் போகலாம்’ என்னும் ஐயப்பொருளையும் தரவல்லது. இயந்திரம் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தால், ‘எங்கள் எழுத்து இசைவின்றி நீங்கள் கண்டெய்னரை வேறு யார்டுக்கு மாற்றாமல் இருக்கலாம்’ என்று வரும். தடை, விருப்பமாகிவிட்டது. இதனை ஆங்கிலத்திற்குத் திருப்பினால் மீண்டும் ‘மே நாட்’ என்றே கிடைக்கும். மூலமும் மறுவடிவமும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும். ‘மாற்றக் கூடாது’ என்று தமிழ் தெளிவாகச் சொல்லவல்ல ஒன்றை, ஆங்கிலத்தின் இருபொருள்தன்மை மறைத்துவிடுகிறது. ‘ஷல்’ என்னும் துணைவினை ‘செலுத்துவார்’ என எதிர்கால வினையாகச் சுருங்குவதும் இத்தகையதே. ‘செலுத்த வேண்டும்’ என்னும் கட்டாயம் அங்கே வெறும் எதிர்பார்ப்பாகத் தேய்கிறது.

இதனினும் நுட்பமானது தன்மைப் பன்மை. ஆங்கிலத்தின் ‘வீ’ ஒன்றே. தமிழில் முன்னிலையாரை உட்படுத்தும் ‘நாம்’, உட்படுத்தாத ‘நாங்கள்’ என அது இரண்டாகிறது. ‘இறக்கும் கட்டணத்தை நாங்கள் ஏற்போம்’ என்றால் பட்டறை உரிமையாளருக்குச் செலவில்லை. ‘நாம் ஏற்போம்’ என்றால் செலவில் அவருக்கும் பங்குண்டு. ‘நாம்’ என்று பிழையாக வந்த தொடரும் திருப்பும்போது ‘வீ’ என்றே ஆகும். எனவே மறுமொழிபெயர்ப்பால் இப்பிழையை ஒருபோதும் காண இயலாது. ‘கண்டெய்னரை ஒப்படைக்கும் முன் வீ ஆய்வு செய்வோம்’ என்பது போன்ற தொடர் வந்தால் சிக்கல் மேலும் கூடுகிறது. முகவர் மட்டும் ஆய்வு செய்வாரா, இரு தரப்பும் சேர்ந்தா என்பது தொடரிலிருந்து தெரிவதில்லை. பின்திருத்துநர் இங்கே ஊகிக்கலாகாது. அனுப்பியவரைக் கேட்டறிதலே முறை.

நாள் கணக்கின் இரு மரபுகள்

‘ஜூன் 5-இலிருந்து 7 நாள்கள்’ என்னும் தொடரில் மொழிபெயர்ப்புப் பிழை எதுவும் இல்லை. ஆயினும் அது இரு தேதிகளைத் தருகிறது. தமிழ் வழக்கில் நிகழ்ந்த நாளையே முதல் நாளாகக் கொண்டு எண்ணுதல் இயல்பு. பதினாறாம் நாள் காரியத்திற்கு நாள் எண்ணும் முறை இதற்குச் சான்று. அவ்வாறு எண்ணினால் கட்டணமில்லாக் காலம் ஜூன் 11-உடன் முடியும். சட்ட மரபோ வேறு. 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், பிரிவு 9-இல், மத்தியச் சட்டங்களில் ‘ஃப்ரம்’ என்னும் சொல் முதல் நாளை விலக்குவதற்குப் போதுமானது என்கிறது. அதன்வழி எண்ணினால் ஜூன் 12 வரை கட்டணமில்லை.

தனியார் ஒப்பந்தத்தை அப்பிரிவு நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. கப்பல் நிறுவனங்களின் கட்டண விதிகளில் இறக்கிய நாளைச் சேர்ப்பவையும் உண்டு. மறுநாளிலிருந்து தொடங்குபவையும் உண்டு. ஆகவே சரியான விடை மின்னஞ்சலில் இல்லை. அனுப்பியவரின் கட்டண அட்டவணையில் உள்ளது. அதனைக் கேட்டறிந்தபின், ‘ஜூன் 12 உட்பட கட்டணமில்லை; ஜூன் 13 முதல் கட்டணம் உண்டு’ என்று நாள்காட்டித் தேதியாக எழுதுவதே பாதுகாப்பு. கேளாமல் தாமே ஒரு தேதியை இட்டால், பின்திருத்துநர் மூலத்தில் இல்லாத வாக்குறுதியை உருவாக்கியவராவார்.

தமிழை முதலில் படித்தல்

முழுமையான பின்திருத்தத்திற்கான தேவைகளை ஐஎஸ்ஓ 18587:2017 தரநிலை வகுக்கிறது. நடைமுறையில் பின்திருத்துநர் பெரும்பாலும் மூலத்தை முதலில் படித்து, பின்னர் இயந்திர வடிவத்தைத் திருத்துகிறார். இலக்கியப் பிரதிக்கு இது பொருந்தலாம். வணிக மின்னஞ்சலில் இவ்வரிசையே ஒரு குறையாகிறது. மூலத்தில் கட்டணம் 2,500 என்று அறிந்தவர், தமிழில் ‘1,500-ஆக’ என்றிருந்தாலும் அறிந்ததையே படித்துவிடுவார்.

வரிசையை மாற்றினால் இக்குறை நீங்கும். பின்திருத்துநர் முதலில் தமிழ் வடிவத்தை மட்டும் படித்து, நான்கு வினாக்களுக்கு விடையெழுத வேண்டும்: யார் செய்ய வேண்டும்? கட்டாயமா, விருப்பமா, தடையா? மொத்தத் தொகை எவ்வளவு? கடைசித் தேதி எது? தொகையையும் தேதியையும் கணக்கிட்டே எழுத வேண்டும். பின்னர் ஆங்கிலத்தைப் படித்து அதே வினாக்களுக்குத் தனியே விடை காண வேண்டும். மாதிரி மின்னஞ்சலில், மேற்கண்ட பிழைகள் யாவும் நேர்ந்திருந்தால், தமிழ் விடைகள் ‘இருவரும், விருப்பம், பத்து நாளுக்கு 15,000, ஜூன் 11’ என்று அமையும். ஆங்கில விடைகள் ‘முகவர், தடை, 25,000, கேட்டறிய வேண்டியது’ என்று அமையும். இரு பட்டியலும் முரண்படும் இடமே திருத்த வேண்டிய இடம். ஆங்கிலப் பட்டியலில் விடை கிட்டாத இடம் அனுப்பியவரிடம் கேட்க வேண்டிய இடம்.

இம்முறைக்கும் எல்லையுண்டு. இது கூடுதல் நேரம் கொள்வது. சொல் எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவருக்கு அந்நேரத்திற்கு ஊதியம் இல்லை. மேலும் ஆங்கிலமும் தமிழும் ஒரே திசையில் தெளிவற்றிருந்தால் இரு பட்டியலும் ஒத்துப்போய்ப் பிழை தப்பிவிடும்.

முடிவுரை

இயந்திரம் தரும் வணிகத் தமிழின் தரத்தைச் சரளத்தைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. ஆங்கிலம் ஒன்றாகச் சொல்வதைத் தமிழ் இரண்டாகப் பிரிக்கும் இடங்களில்தான் ஓசையற்ற பிழைகள் குவிகின்றன. அவற்றை எண் ஒப்பீடும் மறுமொழிபெயர்ப்பும் கண்டறிவதில்லை. ‘முரண்பாடு எழின் ஆங்கில மூலமே செல்லும்’ என்று மின்னஞ்சலின் கீழ் ஒரு வரி சேர்ப்பது தீர்வாகாது. அவ்வரி அனுப்புபவரைக் காக்கிறது. தமிழை மட்டும் படித்து டிரெய்லரை அனுப்பும் புளியந்தோப்புக்காரர் மீது பிழையின் விலையை ஏற்றுகிறது. தமிழ் வடிவத்தை அனுப்புபவர் அதன் பொருளுக்கும் பொறுப்பேற்கும் வகையில் பின்திருத்தம் அமைதல் வேண்டும்.