வானத்துக்குச் சரி, சுவருக்குத் தவறு

இரவு நகரப் படத்தில் வாணவேடிக்கையைச் சேர்க்க, ஃபோட்டோஷாப் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே செய்முறையைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். கறுப்பு வானத்தில் எடுத்த வாணப் படத்தை மேல் லேயராக வைத்து, அதன் கலப்பு முறையை ஸ்கிரீன் என்று மாற்ற வேண்டும். கறுப்பு மறைந்து நெருப்பு மட்டும் நிற்கும். பிறகு இன்னொரு லேயரில், வாணத்தின் நிறத்தை மென்மையான பிரஷ்ஷால் பக்கத்துக் கட்டடங்களின் மேல் பூசி, அதையும் ஸ்கிரீனிலேயே வைத்து, வெளிச்சம் லேசாகத் தெரியும் அளவுக்கு ஒபாசிட்டியைக் குறைக்க வேண்டும். இந்தச் செய்முறையின் முதல் பாதி நன்றாகவே வேலை செய்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. இரண்டாம் பாதிக்கு அப்படி ஒரு காரணம் இல்லை. வானத்தில் எரியும் நெருப்பும் சுவரில் படும் வெளிச்சமும் ஒளியின் இரண்டு வேறு செயல்கள். இரண்டுக்கும் ஒரே கணக்கைப் போடுவதால்தான், வாணம் அருமையாக அமைந்த படங்களில்கூட நகரம் மட்டும் வெளிறிப் போகிறது.

முதலில் ஸ்கிரீனின் நியாயத்தைப் பார்க்கலாம். பிக்சல் மதிப்புகளை 0 முதல் 1 வரை என்றும், கீழ் லேயரை A, மேல் லேயரை B என்றும் வைத்துக்கொண்டால் அதன் கணக்கு இவ்வளவுதான்:

```
C = 1 - (1 - A) × (1 - B)
```

ஒன்று கறுப்பாக இருந்தால் மற்றது மாறாமல் நிற்கும். இரண்டும் வெளிச்சமாக இருந்தால் கூடும், ஆனால் ஒருபோதும் 1-ஐத் தாண்டாது. எரியும் வாணம் தன் ஒளியை வானத்தின் ஒளியோடு கூட்டுகிறது, அதை மறைப்பதில்லை. ஆகவே கூட்டலை ஒத்த கணக்கு இங்கே பொருத்தமானது. அப்படியானால் நேராகக் கூட்டிவிடலாமே என்று தோன்றும். ஆனால் நாம் கையாளும் படங்களில் மதிப்புகள் ஒளியின் அளவாக இல்லை, காமா வளைவில் சுருக்கிப் பதிந்திருக்கின்றன. 255-க்கு 128 மதிப்புள்ள இரண்டு பிக்சல்களை நேராகக் கூட்டினால் 256 வந்து வெளுத்துப்போகும். உண்மையான ஒளி அளவுக்கு மாற்றிக் கூட்டி, மீண்டும் சுருக்கினால் 176 கிடைக்கிறது. ஸ்கிரீன் தருவது 192. கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் நேர்க்கூட்டலைவிட உண்மைக்கு எவ்வளவோ பக்கம். ஸ்ட்ரான்சியத்தின் சிவப்பும் பேரியத்தின் பச்சையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடங்களில் இழைகள் வெளுத்துப்போகாமல் தனித்தனியாகத் தெரிவது இதனால்தான்.

இருட்டில் இந்தக் கணக்கு அவ்வளவு நேர்மையாக நடப்பதில்லை. வாணப் படத்தின் பின்னணி கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும், புகையும் ஊரின் வெளிச்சமும் சேர்ந்து அதை 15 அளவுக்கு உயர்த்தியிருக்கலாம். நகரப் படத்தின் வானம் 20 என்றால், ஸ்கிரீனுக்குப் பிறகு அது 34 ஆகிறது. லேயரின் செவ்வக விளிம்பு மங்கலாகத் தெரிவது இப்படித்தான். லெவல்ஸில் கறுப்புப் புள்ளியை உள்ளே தள்ளி 15-ஐ 0 ஆக்கினால் விளிம்பு மறையும். கூடவே வாணத்தின் வால்களில் இருக்கும் மெல்லிய தீப்பொறிகளும் மறையும். இந்த வழியில் தவிர்க்க முடியாத இழப்பு இது. புகையும் அப்படித்தான். வெடிப்பின் ஒளி பட்ட புகையை ஸ்கிரீன் காட்டும். பின்னால் உள்ள ஜன்னல் விளக்குகளை மறைக்கும் புகையைக் காட்டவே முடியாது, ஏனென்றால் எதையும் இருட்டாக்கும் சக்தி அந்தக் கணக்கில் இல்லை. இந்தக் குறைகள் உண்மையானவை, ஆனால் முறையைக் கைவிடும் அளவுக்குப் பெரியவை அல்ல.

சுவருக்கு வரும்போது குறையின் தன்மையே மாறுகிறது. சுவர் தானாக ஒளி விடுவதில்லை. அதன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைச் சுவர் அதிகம் தரும், கருங்கல் குறைவாகத் தரும், ஒளி எட்டாத உள்மடிப்பு ஒன்றுமே தராது. ஆக, சுவரின் வெளிச்சம் பெருக்கல் கணக்கு. ஒரு கட்டடத்தில் சுவர் 30, பால்கனியின் உள்மடிப்பு 5, விளக்கு எரியும் ஜன்னல் 200 என்று இருக்கட்டும். அதன்மேல் 40 அளவுள்ள வெளிச்சத்தை ஸ்கிரீனில் பூசினால் சுவர் 65, மடிப்பு 44, ஜன்னல் 209 ஆகின்றன. மடிப்பைப்போல ஆறு மடங்கு இருந்த சுவர் இப்போது ஒன்றரை மடங்குதான். கட்டடத்துக்கு வடிவம் தந்ததே அந்த வேறுபாடுதான். அதைக் கரைத்த பிறகு கண்ணுக்குக் கிடைப்பது ஒளி பட்ட சுவராகத் தெரிவதில்லை. கட்டடத்துக்கு முன்னால் தொங்கும் நிறப் பனிமூட்டமாகத் தெரிகிறது.

அதே லேயரைக் கலர் டாட்ஜுக்கு மாற்றிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அந்த முறை கீழ் மதிப்பை (1 − B)-ஆல் வகுக்கிறது, அதாவது ஒரு பெருக்கலைச் செய்கிறது. 73 மதிப்புள்ள சாம்பல் நிறத்தை அதில் நிரப்பினால் கீழே இருப்பது 1.4 மடங்காகும். சுவர் 42, மடிப்பு 7. காமா வளைவைக் கணக்கில் எடுத்தால் இது ஏறத்தாழ ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். கட்டடத்தின் செதுக்கல் அப்படியே நிற்க, அதன்மேல் ஒளி விழுந்ததாகத் தெரியும். ஜன்னல்கள் மட்டும் 255-ஐத் தாண்டி வெளுத்துவிடும், ஆகவே அவற்றை மாஸ்க் போட்டு விலக்க வேண்டும். விலக்குவதில் தவறில்லை, உள்ளே விளக்கு எரியும் ஜன்னலை வெளியே வெடிக்கும் வாணம் பெரிதாக மாற்றிவிடுவதில்லை.

எந்தச் சுவர் வெளிச்சம் பெறும் என்பது இதைவிட அடிப்படையான கேள்வி. சிங்கப்பூரின் மரினா பேயை எடுத்துக்கொள்வோம். 2010-இல் திறந்த மரினா பே சாண்ட்ஸின் மூன்று கோபுரங்கள் 55 மாடிகள் கொண்டவை, உச்சியிலுள்ள பூங்காத் தளம் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புத்தாண்டு வாணங்கள் விரிகுடா நீர்ப்பரப்பின் மேல் வெடிக்கின்றன. மெர்லையன் பூங்கா பக்கமிருந்து பார்த்தால் நமக்கும் கோபுரங்களுக்கும் நடுவில்தான் வாணம் இருக்கிறது. அப்போது தீப்பொறிகள் கோபுரத்தின் மேலேயே குறுக்காகப் போகலாம், நம்மைப் பார்த்த முகப்பு வெளிச்சமும் பெறும். ஆனால் பலர் பழக்கத்தால் கட்டடத்தை மாஸ்க் செய்து, வாணத்தைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். மரினா பேரேஜ் பக்கமிருந்து பார்த்தால் நிலைமை தலைகீழ். வாணம் கோபுரங்களுக்கு அப்பால் வெடிக்கிறது. மாஸ்க் அங்கே தேவை, நம்மைப் பார்த்த முகப்போ அந்த ஒளியைப் பெறவே முடியாது. ஒளிரும் புகையின் முன்னால் கோபுரம் இன்னும் கறுத்து, விளிம்பில் மட்டும் கோடுபோல வெளிச்சம் வாங்கும். வாணத்தைக் கட்டடத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டு முன்சுவரில் சிவப்புப் பூசிய படம், வாணம் முன்னாலும் இருக்கிறது பின்னாலும் இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்கிறது.

மெர்லையன் பக்கத்துக் காட்சியில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. விரிகுடாவைப் பார்த்த அந்த முகப்பு பெரும்பாலும் கண்ணாடி. காரைச் சுவரைப்போல ஒளியைப் பரப்பாமல், கண்ணாடி வாணத்தின் பிம்பத்தையே துண்டுதுண்டாகக் காட்டும். மென்மையான பிரஷ் பூச்சுக்கு அங்கே இடம் குறைவு. கூர்மையான சில ஒளிக்கீற்றுகள்தான் பொருந்தும், அவை வாணத்தின் பிம்பங்களே என்பதால் ஸ்கிரீனே அவற்றுக்குச் சரியான முறை. அளவும் கவனிக்கத் தக்கது. ஷெல் தன் விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறத்தாழ 30 மீட்டர் என்ற உயரத்தில் வெடிக்கும் என்பது இத்தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. 6 அங்குல ஷெல் 180 மீட்டரில், பூங்காத் தளத்தைவிடச் சற்றுத் தாழ்வாக வெடிக்கும். கோபுரங்களைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் பெரிய பூவை வைத்துவிட்டு, அது கீழ்மாடிச் சுவரை நெருக்கமாக ஒளிரச் செய்வதாகக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். தூரம் இரண்டு மடங்கானால் சுவர் பெறும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும்.

இவ்வளவு மெல்லிய ஒரு வெளிச்சத்துக்கு இத்தனை கணக்கு எதற்கு, பார்ப்பவர் வாணத்தைத்தானே பார்ப்பார் என்று கேட்கலாம். வெளிச்சம் மெல்லியது என்பதே நான் இதை வலியுறுத்தும் காரணம். பிரகாசமான இடத்தில் ஸ்கிரீன் செய்யும் பிழை தெரியாது. மேலே பார்த்த ஜன்னல் 200-இலிருந்து 209-க்குத்தான் போயிற்று. பிழை பெரும்பாலும் நிழலில்தான் உறுத்துகிறது, இரவுப் படமோ பெரும்பகுதி நிழலாலேயே ஆனது. 20 மதிப்புள்ள இரண்டு ஒளிகளை ஸ்கிரீன் 38 ஆக்குகிறது, உண்மையான கூட்டல் 31-இல் நின்றுவிடும். பார்ப்பவரால் காரணத்தைச் சொல்ல முடியாமல் போகலாம், ஆனாலும் படம் ஒட்டவைத்ததுபோல இருக்கிறது என்ற உணர்வு அங்கிருந்துதான் வருகிறது.

காற்றும் ஒளிருமே என்பது இன்னும் வலுவான ஆட்சேபணை. ஈரமும் புகையும் நிறைந்த காற்று வாணத்தின் ஒளியைச் சிதறடிக்கிறது. கட்டடத்துக்கு முன்னால் உண்மையாகவே நிறமூட்டம் எழுவதுண்டு. இதை மறுக்க முடியாது. சிதறிய ஒளி கூட்டலாகத்தான் வருகிறது, ஸ்கிரீன் அதற்கு ஏற்றது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவின் தொலைக்காட்சி ஒளிபரப்பில், வானில் நடந்து வரும் 29 வாணக் காலடிகளில் பெரும்பாலானவை கணினியில் செய்த காட்சிகள் என்று பிறகு தெரியவந்தது. அதைச் செய்தவர்கள் பெய்ஜிங் இரவின் மங்கல் மூட்டத்தையும் ஹெலிகாப்டரில் கேமரா அதிர்வதையும் கவனமாகச் சேர்த்திருந்தார்கள்; அதை நேரடிக் காட்சியென்று பலர் நம்பினார்கள். ஆனால் காற்றின் ஒளிர்வு வாணத்தைச் சுற்றி அடர்ந்து, விலக விலகக் குறையும். அது கட்டடத்தின் விளிம்பை மதித்து நிற்பதில்லை, வானத்தின் மேலும் கட்டடத்தின் மேலும் ஒரே சீராகப் பரவும். கட்டட வடிவத்துக்கு மாஸ்க் வெட்டி அதற்குள் மட்டும் ஸ்கிரீனில் பூசுகிறவர் காற்றையும் வரையவில்லை, சுவரையும் வரையவில்லை. இரண்டும் வேண்டுமானால் இரண்டு லேயர்கள் வேண்டும்: மாஸ்க் இல்லாத ஸ்கிரீன் காற்றுக்கு, மாஸ்க் போட்ட பெருக்கல் சுவருக்கு.

பெருக்கலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கேமரா ஒரு சுவரை 0 என்றே பதிந்திருந்தால் எதனால் பெருக்கினாலும் 0-தான். 2, 3 என்று இருந்தால் பெருகுவது இரைச்சல் மட்டுமே. அந்த இடங்களில் கையால் பூசுவதைத் தவிர வழியில்லை, ஸ்கிரீனைக் குறை சொல்வதிலும் பொருளில்லை. ஆனால் இதற்கான தீர்வு படம் எடுக்கும் நேரத்திலேயே இருக்கிறது. ஓடும் தீப்பொறியின் பிரகாசத்தை அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் தீர்மானிக்கின்றன; ஷட்டர் நேரம் நீண்டால் கோடு நீளுமே தவிர அதன் பிரகாசம் பெரிதாகக் கூடாது. அசையாத கட்டடத்துக்கோ ஷட்டர் நேரம் நீள நீள வெளிச்சம் சேரும். ஆகவே நகரப் படத்தை வாணப் படத்திலிருந்து தனியாக, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து, நிழலில் விவரம் பதியும்படி எடுத்து வைத்தால் பெருக்குவதற்குப் பொருள் கிடைக்கும். மாலை மங்கும் நேரத்தில் முக்காலியை நகர்த்தாமல் எடுத்த இன்னொரு படம் இருந்தால் மேலும் நல்லது. அதில் சுவர்களின் நிறமும் கல்லும் தெளிவாக இருக்கும். அதை வாணத்தின் நிறத்தால் பெருக்கி இரவுப் படத்தோடு ஸ்கிரீனில் சேர்த்தால், சுவர் திருப்பி அனுப்பும் ஒளியையே கூட்டியதாக ஆகும்.

செய்த வேலையைச் சோதிக்க வாண லேயரை மட்டும் அணைத்துவிட்டுப் பார்க்கலாம். வெடிப்பு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில், கட்டடத்துக்கு முன்னாலா பின்னாலா என்பதைச் சுவர்களையும் கீழே உள்ள நீரையும் வைத்தே சொல்ல முடிந்தால் அந்த வெளிச்சம் தன் வேலையைச் செய்கிறது. எல்லாக் கட்டடங்களும் ஒரே அளவு சிவந்து, எங்கிருந்து ஒளி வந்தது என்பதே தெரியாமல் நின்றால், ஒபாசிட்டியை மேலும் குறைத்துப் பயனில்லை. அந்த லேயரை அழித்துவிட்டு, வாணம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் முடிவுசெய்து மறுபடி தொடங்க வேண்டும்.