குறிப்புரை நூலடைவில் மதிப்பீட்டைத் தேடுதல்

குறிப்புரையுடன் கூடிய நூலடைவில் ஒவ்வொரு நூலின் விவரத்துக்கும் கீழே ஒரு சிறு பத்தி இடம்பெறுகிறது. அந்த நூல் என்ன சொல்கிறது என்பதோடு, எடுத்துக்கொண்ட ஆய்வுக் கேள்விக்கு அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் அந்தப் பத்தி சொல்ல வேண்டும். முனைவர் பட்ட ஆய்வேடுகளோடு வரும் நூலடைவுகள் பலவற்றில் முதற்பாதி இருக்கிறது, இரண்டாம் பாதி இருப்பதில்லை. திருத்துபவரின் முதல் வேலை இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான். நூலின் செய்தியைச் சொல்லும் வாக்கியங்களின் கீழ் நீலக்கோடும், நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் வாக்கியங்களின் கீழ் சிவப்புக்கோடும் போட்டால் பக்கமே பதில் சொல்லிவிடும்.

சங்கப் பாடல்களின் காலம் பற்றிய நூலடைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஹெர்மன் டீக்கனின் 2001ஆம் ஆண்டு நூல் இடம்பெறாமல் போகாது. வழக்கமான குறிப்பு இப்படி இருக்கும்: “சங்கப் பாடல்கள் எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியர் அவையில் எழுந்தவை என்று இந்நூல் வாதிடுகிறது. அவற்றைக் காவிய மரபோடு ஒப்பிடுகிறது. ஆய்வாளர்களுக்கு மிகவும் பயனுள்ள நூல்.” முதல் இரு வாக்கியங்களுக்கும் நீலக்கோடு. மூன்றாவதில் சிவப்பு விழுகிறது, ஆனால் அதனால் பயனில்லை. எந்த நூலின் கீழ் எழுதினாலும் பொருந்திப்போகும் பாராட்டை மதிப்பீடாகக் கொள்ள முடியாது.

அதே நூலுக்கு மதிப்பீடு என்பது வேறு மாதிரி இருக்கும். பிராகிருத அகப்பாடல்களுக்கும் தமிழ் அகப்பாடல்களுக்கும் உள்ள ஒற்றுமை, டீக்கனின் வாதத்துக்கு முக்கியமான ஆதாரம். இந்த ஒற்றுமையை ஜார்ஜ் ஹார்ட் 1975இலேயே விரிவாகப் பேசியிருந்தார். தக்காணத்தின் பொதுவான நாட்டார் மரபிலிருந்து இரண்டும் கிளைத்தன என்பது அவர் விளக்கம். ஆக, ஒரே சான்று இரு எதிர்முடிவுகளுக்கு இடம் தருகிறது. காலத்தை முடிவுசெய்ய அது மட்டும் போதாது. பிறகு மொழிச் சிக்கல் இருக்கிறது. சங்கப் பாடல்களின் இலக்கண வடிவங்கள் தேவாரத்தின் மொழியைவிடப் பழையவை. எட்டாம் நூற்றாண்டுப் புலவர்கள் அந்தப் பழமையை எப்படி இவ்வளவு ஒழுங்காகக் கையாண்டார்கள் என்ற கேள்விக்கு நூல் தரும் பதில் போதுமானதா என்பதைக் குறிப்பு எழுதியவர் தீர்த்துச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் பரவாயில்லை. அந்தத் தீர்ப்பு தவறென்று இன்னொருவர் காட்டக்கூடிய அளவுக்குத் திட்டவட்டமாக இருந்தால் அது மதிப்பீடு.

ஐராவதம் மகாதேவனின் 2003ஆம் ஆண்டுக் கல்வெட்டு நூலில் சோதனை இன்னும் கூர்மையாகிறது. “தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் முழுமையான தொகுப்பு” என்பது விவரணை. “பழைய நூல், எனவே காலாவதியானது” என்பது அவசரத் தீர்ப்பு. அந்நூல் வந்த பிறகுதான் பொருந்தல், கீழடி அகழாய்வுகளின் கரிமக் காலக் கணிப்புகள் வந்தன. தமிழ் எழுத்தின் தொடக்கத்தை அவர் வைத்த காலத்துக்கும் முன்னே தள்ள வேண்டும் என்ற வாதமும் எழுந்தது. ஆனால் கரிமக் கணிப்பு பொருந்தலில் கிடைத்த நெல்லுக்கும் கீழடி மண்ணடுக்கின் மாதிரிக்கும்தான் காலம் சொல்கிறது. பானை ஓட்டின் எழுத்துக்கு நேரடியாகச் சொல்வதில்லை. கால வரிசை ஆட்டம் கண்டாலும், புகலூர்க் கல்வெட்டில் மூன்று தலைமுறைச் சேரர் பெயர்களை அவர் வாசித்த வாசிப்பு தனியே நிற்கிறது. நூலின் எந்தப் பகுதியை நம்பலாம், எதைப் புதிய சான்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பிரித்துச் சொல்லும் குறிப்பே இங்கு முழு மதிப்பெண்ணுக்கு உரியது.

நல்ல நூலானாலும் இந்தக் கேள்விக்கு அதிகம் உதவாது என்று எழுதவும் துணிவு வேண்டும். கைலாசபதியின் 1968ஆம் ஆண்டு வீரநிலைக் கவிதை ஆய்வு தன் துறையில் தலையாயது. ஆனால் பாடல்கள் வாய்மொழியாக எழுந்தனவா என்பதே அதன் அக்கறை. காலம் அதன் முதன்மைக் கேள்வி அல்ல. இதைச் சொல்லாமல் அதன் புகழை மட்டும் எழுதியிருந்தால் அந்தக் குறிப்பு கேள்வியை மறந்துவிட்டது என்று பொருள்.

கடைசியாக ஒரு சந்தேகம் எஞ்சும்: சிவப்புக்கோடுகள் எழுதியவருடையவைதானா, யாரோ எழுதிய மதிப்புரையிலிருந்து எடுத்தவையா? ஆசிரியரின் பட்டங்களும் பதிப்பகத்தின் பெயரும் நிறைய வந்து, நூலின் எந்த அதிகாரமும் பக்கமும் சுட்டப்படாவிட்டால் ஐயம் நியாயமானது. பத்துக் குறிப்புகளில் இரண்டையாவது எடுத்து, மூல நூலைத் திறந்து, சொன்ன குறை அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு நேரம் பிடிக்கும். ஆனால் இதைச் செய்யாமல் போடும் மதிப்பெண், வாக்கிய நடைக்குப் போட்ட மதிப்பெண்தான்.