கணினி சொல்லும் ஆறு இலக்கம்

வங்கி ஓடிபி நம்மைச் சோதிக்கும். ஹெட்ஸ் ஃபர்ம்வேர் ஏற்றிய பழைய திங்க்பேட் எக்ஸ்230-இல் கதை தலைகீழ்: மடிக்கணினிதான் தன்னை உரிமையாளரிடம் நிரூபிக்கிறது.

பவர் பொத்தானை அழுத்தியதும் ஹெட்ஸிலுள்ள கோர்பூட், தான் ஏற்றும் ஒவ்வொரு துண்டையும் இயக்குவதற்கு முன் ஹாஷ் கணக்கிட்டு டிபிஎம் சில்லுக்கு அனுப்புகிறது. சில்லு அதைப் பழைய மதிப்போடு சேர்த்து மறுபடி ஹாஷ் செய்கிறது. பின்னோக்கி அழிக்க வழியில்லை. இறுதி மதிப்பு பழையபடியே வந்தால்தான் உள்ளே பூட்டிய ரகசியத்தைச் சில்லு விடுவிக்கும். அந்த ரகசியமும் நேரமும் சேர்ந்து உருவாக்கும், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கங்கள் திரையில் தோன்றுகின்றன. அதே ரகசியம், தொடக்கத்தில் கியூஆர் வழியாகக் கைப்பேசிக்கும் போயிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

“எல்லாம் சரி” என்று பச்சை எழுத்தில் காட்டினால் ஆகாதா? ஆகாது. அதைத் திருட்டு ஃபர்ம்வேரும் எழுதிவிடும். இந்த எண்ணை அதனால் ஊகிக்க முடியாது.

எண்ணே வராவிட்டால் அந்த இறுதி மதிப்பு மாறிவிட்டது என்று பொருள். ஃபர்ம்வேரை நாமே புதுப்பித்தாலும் அப்படித்தான். புது ரகசியம் பூட்ட வேண்டும். எண் வந்து பொருந்தாவிட்டால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் குற்றவாளி.

ஒரு ஓட்டை உண்டு. முதல் ஹாஷைக் கணக்கிடுவதே ஃபிளாஷ் சில்லிலுள்ள தொடக்க நிரல்தான். மூடியைத் திறந்து அதையே மாற்றுபவர், பழைய ஹாஷ்களை அப்படியே ஒப்பிக்க வைக்கலாம். அதனால்தான் சிலர் திருகுகளின் மேல் மினுமினு நகப்பூச்சைத் தடவி, படமெடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.