மொய் நோட்டும் மறையுரையும்

மறையுரை பொதுவான, கருத்தளவிலான உண்மைகளை மட்டும் எடுத்துரைப்பதாய் அமையலாகாது; நற்செய்தியின் நிலையான உண்மையை வாழ்வின் உண்மையான சூழல்களோடு பொருத்திக் காட்டவேண்டும் என்று குருக்களின் பணியும் வாழ்வும் பற்றிய சங்க ஏடு 1965ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தியது. நல்ல மறையுரையில் ஒரு கருத்தும் ஓர் உணர்வும் ஓர் உருக்காட்சியும் இருக்கவேண்டும் என்று தம் ஆசிரியர் ஒருவர் கற்றுத்தந்ததைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் ஊக்கவுரையில் நினைவுகூர்கிறார். நெறி தெளிவாகவே உள்ளது. ஆனால், கருத்தாய்க் கிடக்கும் ஓர் உரையை வாழ்வுக்குள் இறக்குவது எப்படி? வழியில் எங்கெங்கே சறுக்குகிறது? ஒரே உரையின் இரு வடிவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

அன்பியக் கூட்டமொன்றில் ஐந்து நிமிடம் பேசுவதற்கென எழுதப்பட்ட சிந்தனை அது. மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் வரும் மன்னிக்க மறுத்த பணியாளன் உவமையே அடிப்படை. எழுதியவர் ஒரு மறைக்கல்வி ஆசிரியர். பெயர் இங்கே தேவையில்லை. முதல் வடிவத்தின் தொடக்கம் இப்படி இருந்தது:

"மன்னிப்பு என்பது இறையன்பின் உன்னத வெளிப்பாடாகும். மன்னிக்கும் மனம் விண்ணகத்தின் முன்சுவை. பகைமை ஆன்மாவை இருளாக்குகிறது. ஒப்புரவோ அதனை ஒளிமயமாக்குகிறது. இன்றைய உலகில் மன்னிப்பு அருகி வருகிறது. எனவே மன்னிப்பில் வளர, மன்னிப்பை வாழ்வாக்க, நாம் அழைக்கப்படுகிறோம்."

இதில் பிழையான வாக்கியம் ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். 'மன்னிப்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தாழ்ச்சி' என்று வைத்துப் படியுங்கள். ஓரிரு சொற்களை மாற்றினால் போதும், உரை அப்படியே நிற்கிறது. 'பொறுமை' என்று வைத்தாலும் நிற்கிறது. எந்தப் புண்ணியத்துக்கும் பொருந்துகிற உரை எந்தப் புண்ணியத்தையும் பற்றிப் பேசவில்லை என்பதே பொருள். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்த ஆறு வாக்கியங்களிலும் மனிதர் எவரும் எதுவும் செய்யவில்லை. மன்னிப்பு வெளிப்படுகிறது, பகைமை இருளாக்குகிறது, ஒப்புரவு ஒளியாக்குகிறது. இறுதியில்தான் 'நாம்' வருகிறோம். அங்கும் நாம் செய்வது ஒன்றுமில்லை, அழைக்கப்படுகிறோம், அவ்வளவே. ஆனால் இயேசு சொன்ன உவமையிலோ ஒருவன் மற்றவனின் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான்.

ஆசிரியர் முதலில் கையாண்ட மாற்றம் பலரும் கையாள்வது. கருத்துகளை அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் ஒரு கதையைச் செருகினார்: எங்கோ ஒரு தேசத்தில் ஓர் அரசன், அவனுடைய பெருந்தன்மை. கேட்பதற்கு இனிமையாய் இருந்தது. ஆனால் அக்கதையைக் கேட்பவர் எவரும் தம்மை அதில் காண முடியாது. தூரத்து அரசன் மன்னித்தால் நமக்கு ஒரு செலவும் இல்லை. கருத்துக்குப் போட்ட பட்டுச்சட்டையாகவே அது நின்றது. அவரே அதை நீக்கிவிட்டார், நல்லதே செய்தார்.

இரண்டாம் வடிவம் வேறிடத்தில் தொடங்குகிறது:

"நம் வீட்டுப் பீரோவில் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. மகளின் திருமணத்தில் யார் எவ்வளவு வைத்தார் என்று அதில் எழுதியிருக்கிறோம். அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் புறப்படும் முன் அதைப் புரட்டுகிறோம். வைத்ததோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்கிறோம். அந்த வரியை அடித்துவிடுகிறோம். ஆனால் காகிதமில்லாத நோட்டு ஒன்றும் நம்மிடம் உண்டு. பத்திரிகையை நேரில் கொண்டுவராமல் பிள்ளையிடம் கொடுத்தனுப்பியவர், நாம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பாராதவர், அப்பாவின் அடக்கத்துக்கு வந்தும் வாசலிலேயே நின்று திரும்பியவர், எல்லாரும் அதில் இருக்கிறார்கள். இந்த நோட்டில் மட்டும் நாம் ஒரு வரியையும் அடிப்பதில்லை."

வேறுபாடு எடுத்துக்காட்டு இருப்பதில் மட்டும் இல்லை. எடுத்துக்காட்டே இங்கு சிந்திக்கிறது. மன்னியாமை என்பது கோபம் அன்று, கணக்கு வைத்திருத்தல் என்ற உண்மையை உரை எங்கும் வரையறை செய்து சொல்லவில்லை. நோட்டைக் காட்டியதிலேயே அது வந்துவிடுகிறது. உவமையும் கடன் கணக்கைப் பற்றியதே ஆகையால், இந்த உருக்காட்சி உவமையின் உள்ளமைப்போடு பொருந்துகிறது. அரண்மனைக்குள் தன் கணக்கு அடிக்கப்பட்டதைக் கண்ட பணியாளன், வெளியே வந்ததும் தன் நோட்டைத் திறக்கிறான் என்று ஆசிரியர் அடுத்து எழுதும்போது, கேட்பவர் உவமைக்குள் நுழைந்துவிடுகிறார். வாழ்விலிருந்து எடுக்கப்படும் காட்சி எதுவாயினும் போதும் என்று எண்ணலாகாது. மறைநூல் பகுதியின் எலும்பமைப்பு எதுவோ, அதே அமைப்பு நம் வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும்.

இரண்டாவது நன்மை, தொகைகளைக் கையாண்ட விதம். முதல் வடிவம் பணியாளனின் தோழன் பட்ட கடனை 'அற்பச் சில்லறை' என்று சொல்லிக் கடந்தது. நற்செய்தி அவ்வாறு சொல்லவில்லை. நூறு தெனாரியம் என்கிறது. தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம். அதே நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டத் தொழிலாளருக்குப் பேசப்பட்ட கூலி அதுவே. இரண்டாம் வடிவம் இதை விளக்கிக் காட்டுகிறது. நாட்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நூறு தெனாரியம் 50,000 ரூபாய். கூலி வேலை செய்யும் ஒருவர் அதை எளிதில் விட்டுவிட முடியாது. தாலந்து ஒன்று ஏறத்தாழ 6,000 தெனாரியம். பத்தாயிரம் தாலந்து ஆறு கோடி நாட்களின் கூலி. அதே கணக்கில் 3,000 கோடி ரூபாய். ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அடைத்து முடிக்க இரண்டு இலட்சம் ஆண்டுகள் ஆகும். எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன் என்று அந்தப் பணியாளன் கெஞ்சியது எவ்வளவு வெறுமையான வாக்கு என்பது அப்போதுதான் தெரிகிறது.

இக்கணக்கு உரைக்கு அலங்காரம் அன்று. தோழனின் கடனை அற்பம் என்று சொன்னால், காயம்பட்டு அமர்ந்திருக்கும் ஒருவரிடம் 'உன் வலி அற்பம்' என்று சொன்னதாகிறது. அவர் அப்போதே காதை மூடிக்கொள்வார். ஐம்பதாயிரம் என்று சொன்னால், 'உனக்கு இழைக்கப்பட்டது சிறிதன்று என்பது இயேசுவுக்குத் தெரியும்' என்பது கூறாமலே விளங்கும். மூவாயிரம் கோடிக்கு முன்னால்தான் அது சிறிதாகிறது; தனியே நின்றால் சிறிதாவதில்லை.

இனிக் குறைகளுக்கு வருவோம். மொய் நோட்டு நல்ல உருக்காட்சி. ஆனால் ஓரிடத்தில் உவமைக்கு எதிராகத் திரும்புகிறது. மொய் நோட்டில் வரி அடிக்கப்படுவது திருப்பிச் செய்துவிட்டதால். உவமையில் அரசன் கணக்கை அடிப்பதோ, திருப்பித் தர வழியே இல்லாததால். முன்னது முறை, பின்னது இரக்கம். இந்த வேறுபாட்டை உரை சொல்லாமல் விட்டிருக்கிறது. இதனால், 'அவர் வந்து மன்னிப்புக் கேட்டால் நானும் அடித்துவிடுகிறேன்' என்று ஒருவர் எண்ணிக்கொண்டு வீடு திரும்பக்கூடும். அது மன்னிப்பன்று, மொய்தான். உருக்காட்சி எவ்விடத்தில் பொருந்தாமல் போகிறதோ அவ்விடத்தில் உரை ஒரு வாக்கியமேனும் நின்று பேசவேண்டும். இங்கே அந்த வாக்கியம்தான் நற்செய்தியே.

இரண்டாவது குறை இதனினும் பாரமானது. அன்பியக் கூட்டத்தில் குடிகாரக் கணவனிடம் அடிவாங்கும் பெண் ஒருவரும் அமர்ந்திருக்கக்கூடும். 'வரியை அடித்துவிடுங்கள்' என்பது அவர் காதில், 'வாய்மூடி அந்த வீட்டுக்கே திரும்பிப் போ' என்று விழும். கருத்தளவிலான உரை எவரையும் தொடாததால் எவரையும் காயப்படுத்துவதும் குறைவு. வாழ்வைத் தொடும் உரைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் இதற்கான மருந்து அதே அதிகாரத்திலேயே இருக்கிறது. உவமைக்கு முன்னே, குற்றம் செய்த சகோதரனிடம் தனியே சென்று எடுத்துச் சொல், கேளாவிடில் ஓரிருவரை அழைத்துச் செல், அதற்கும் கேளாவிடில் திருச்சபையிடம் சொல் என்று படிப்படியாகக் கூறப்பட்டுள்ளது. உவமைக்குள்ளும், நடந்ததைக் கண்டு வருந்திய உடன் பணியாளர்கள் மௌனமாய் இருந்துவிடவில்லை. அரசனிடம் போய்ச் சொல்கிறார்கள். மன்னிப்பு அநீதியை மறைத்துவைக்கச் சொல்வதில்லை என்பதற்கு அவர்களே சான்று. ஐந்து நிமிட உரையில் அரை நிமிடம் அவர்களுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

ஒரு கூட்டத்தில் முப்பது குடும்பங்கள் மட்டுமே இருக்கையில், எடுத்துக்காட்டு எவரையேனும் சுட்டுவதாய் மாறிவிடும் ஆபத்தும் உண்டு. ஆசிரியர் இதில் விழிப்பாய் இருந்திருக்கிறார். ஒரே சண்டையை விரித்துரைக்காமல் பல வீடுகளிலும் நிகழ்வனவற்றை ஒவ்வொரு வரியில் தொட்டுச் செல்கிறார். ஊரில் அண்மையில் நடந்தது எதையும் எடுக்கவில்லை. 'இது என் வீடு' என்று ஒவ்வொருவரும் நினைக்கலாம். 'இது அவர் வீடு' என்று திரும்பிப் பார்க்க இடமில்லை. எடுத்துக்காட்டு சரியாய் அமைந்ததா என்பதைக் கேட்பவரின் கழுத்தைக் கொண்டே அறியலாம். தலை குனிந்தால் சரி. பக்கத்து வரிசைக்குத் திரும்பினால் தவறு.

உரையின் முடிவு மட்டும் மீண்டும் தளர்ந்துவிட்டது. பேசாதிருந்த அண்ணனும் தம்பியும் கட்டித் தழுவி அழுவதாக ஒரு காட்சி வருகிறது. அது திரைப்படத்தின் கடைசிக் காட்சி. வாழ்வில் கட்டிப்பிடித்தல் பல வேளைகளில் நிகழ்வதில்லை. நிகழாதபோது, மன்னிப்பே தோற்றுவிட்டதாக மக்கள் எண்ணிவிடுவர். இயேசுவும் உவமையை ஆனந்தக் கண்ணீரில் முடிக்கவில்லை. அதற்கு முந்தைய பத்தியில் ஆசிரியரே எழுதியிருந்த வாக்கியம் போதுமாயிருந்தது: "இந்த வாரம் அந்த இரண்டாம் நோட்டில் ஒரே ஒரு வரியைத் தேர்ந்துகொள்ளுங்கள், அவர் பெயரைச் சொல்லி ஒருமுறை விண்ணகத் தந்தையை நோக்கிச் செபியுங்கள்." செய்யக்கூடியது, அளவுள்ளது. ஏனெனில் அச்செபத்தில், எங்கள் குற்றங்களை மன்னியும் என்று நாம் கேட்கும் இடம் வரும்போது, எந்த வரி இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். உரை அவ்விடத்தில் நின்றிருக்கவேண்டும்.