நினைவு தளர்ந்த பெற்றோரின் ஓய்வூதியம்: இரு தேசங்களின் சட்டம்

தமிழ்நாட்டில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற தாய் ஒருத்திக்கு மறதிநோய் முற்றி, மகனின் பெயரே மறந்துபோன பின்னரும், அவளுடைய ஓய்வூதியம் மாதம் தவறாமல் வங்கியில் வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கும். ஆண்டுக்கொருமுறை அவள் உயிரோடிருக்கிறாள் என்பதை ரேகையைப் பதித்தோ முகத்தைக் காட்டியோ மெய்ப்பித்துவிடலாம். யாழ்ப்பாணத்திலாயின் கிராம அலுவலரின் கையெழுத்தோடு உயிர்வாழ்வுச் சான்றிதழ் பிரதேச செயலகத்துக்குப் போகும். பணம் வருவதற்குத் தேகம் இருந்தால் போதும்; அதை எடுப்பதற்கோ சித்தம் வேண்டும். எடுப்பதற்கான அதிகாரம் மகனுக்கு எவ்வழியில் வரும் என்ற வினாவுக்கு, ஒரே ஆங்கில ஆட்சியின் கீழ் இருந்த இவ்விரு தேசங்களும் இன்று வெவ்வேறு விடைகளைத் தருகின்றன.

முதலில் எல்லாரும் எண்ணுவது அதிகாரப் பத்திரத்தை. இலங்கைத் தமிழர் அதனை அற்றோர்ணித் தத்துவம் என்பர். ஆனால் இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், அதிகாரம் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தவுடனே முகவரின் அதிகாரமும் முடிந்துவிடுகிறது என்று விதித்திருக்கிறது. இலங்கையிலும் கொள்கை இதுவே. எந்த நாளுக்காக அந்தப் பத்திரத்தைக் குடும்பத்தார் எழுதி வாங்கினார்களோ, அந்த நாள் வரும்போதே அது செல்லாததாகிவிடுகிறது. நடக்க முடியாதவர்க்கும் ஒப்பமிட இயலாதவர்க்கும் சாட்சிகள் முன் ரேகை பெற்றுப் பணம் தரும் வங்கி முறைகள் உண்டெனினும், அவை உடல் தளர்ந்தோர்க்காக ஏற்பட்டவை. தான் எதில் ரேகை வைக்கிறோம் என்பதையே அறியாத ஒருத்தியின் விரலைப் பிடித்துத் தாளில் அழுத்துவது அவ்விதிகளின் கருத்தன்று.

இவ்விடத்தில்தான் வழி பிரிகிறது. இலங்கையின் 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவை, சித்தசுவாதீனமற்றவரின் சொத்தைப் பராமரிக்க மாவட்ட நீதிமன்றம் ஒரு முகாமையாளரை நியமிக்கும் முறையை இன்றும் வைத்திருக்கிறது. மனு, வைத்தியரின் சாட்சியம், விசாரணை, நியமனம் என்று அது மெதுவாகவே நடக்கும். நியமனம் பெற்றவர் கணக்குக் காட்ட வேண்டும். நிலத்தை விற்கவோ ஈடு வைக்கவோ நீதிமன்றத்தின் அனுமதியை நாட வேண்டும். பெற்ற தாயைச் சித்தசுவாதீனமற்றவள் என்று மனுவில் எழுதுவதற்குக் கை நடுங்காத மகன் அரியன். அந்தச் சொற்கள் கடுமையானவை. ஆயினும் போய்த் தட்டுவதற்கு அங்கே ஒரு கதவு இருக்கிறது.

இந்தியாவிலும் அக்கதவு இருந்தது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் மனநோயாளரின் சொத்துக்கு மேலாளரை நியமிக்கும் அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கு அளிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரின் கௌரவத்தை உயர்வாகப் போற்றுகிறது. அவருடைய சிகிச்சை குறித்துப் பேசப் பிரதிநிதியை முன்னரே நியமிக்கும் உரிமையையும் தருகிறது. ஆனால் சொத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பாதுகாவலர் முறையோ மதியிறுக்கம், மூளை முடக்குவாதம் முதலிய சில குறைபாடுகளுக்கே உரியது. முதுமையில் வரும் மறதிநோய் அந்தப் பட்டியலில் இல்லை. ஆதலால் குடும்பங்கள் உயர்நீதிமன்றத்தை அணுகி, அதன் ரிட் அதிகாரத்தைக் கொண்டு பாதுகாவலராக நியமிக்குமாறு வேண்டுகின்றன. கோமாவில் கிடந்த கணவருக்கு மனைவியைப் பாதுகாவலராக்கிச் சென்னை உயர்நீதிமன்றத்தில் 2024இல் பிறந்த தீர்ப்பு இவ்வழியில் வந்ததே. மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்தைத் தாயின் மருந்துக்குச் செலவிடுவதற்காக ஒரு மகன் உயர்நீதிமன்றம் வரை ஏற நேர்வது பெருங்குறை என்றே கருதுகிறேன். கௌரவத்தைக் காக்க எண்ணியவர்கள் பழைய கதவை அடைத்ததோடு நில்லாமல், புதியதொன்றையும் அங்கே வைத்திருக்க வேண்டும்.

கதவு கிட்டாத வீடுகளில் நடப்பது யாவரும் அறிந்ததே. தாயின் அட்டையும் இரகசிய எண்ணும் மகனிடம் இருக்கும், அவன் எடுப்பான், பெரும்பாலும் அவளுக்காகவே செலவிடுவான். எனினும் அவளது பெயரால் அவன் செய்வது அவளது இசைவின்றி நடப்பதேயாகும்; தங்கையோ அண்ணனோ ஒருநாள் கணக்குக் கேட்டால், நேர்மையாளனும் திருடனும் ஒரே விதமாகவே காட்சி தருவர். ஆகவே மருந்து, பராமரிப்பு, உணவு எனச் செலவைத் தேதியிட்டு எழுதி, ரசீதுகளை அடுக்கி வைப்பது அவனுக்கே காப்பாகும்.

நோயின் தொடக்கத்தில் மட்டுமே இரு தேசங்களிலும் செய்யத்தக்கது மிகுதி. ஒப்பமிடும் கை திடீரென மாறுவதும், செலுத்திய கட்டணத்தை மறுமுறை செலுத்துவதும், வங்கியிலிருந்து வீடு திரும்பியவுடன் மீண்டும் வங்கிக்குக் கிளம்புவதும் முதல் அறிகுறிகள். மறதி தோன்றியதனாலேயே ஒருவர் தகுதியற்றவராகிவிடுவதில்லை. தெளிவுள்ள வேளையில் செய்த ஒப்பந்தம் செல்லும் என்பதை இந்தியச் சட்டம் வெளிப்படையாகவே ஒப்புகிறது. அத்தகைய வேளையில், வைத்தியர் அன்றே பரிசோதித்துத் தரும் சான்றுடன் தாயைத் தனியே விசாரித்து, ஓய்வூதியக் கணக்கு எது, சேமிப்பு எங்கே, யாரை நம்புகிறாள் என்று அவள் வாயாலேயே கேட்டறிந்து, விதி அனுமதிக்குமிடத்தில் கூட்டுக்கணக்காகவும், எஞ்சியவற்றுக்கு வாரிசு நியமனமாகவும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சான்றின் தேதியும் அந்தப் பதிவின் தேதியும் ஒன்றாயிருப்பது பின்னாளில் எழும் வழக்கில் மகனுக்கு உறுதியான ஆதாரமாகும்.