மின்னஞ்சலின் அடியில் ஓர் எச்சரிக்கை

ஒரு தணிக்கை அலுவலகத்தில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஊழியர் பெறுநர் கட்டத்தில் இரண்டு எழுத்துகள் தட்டுகிறார். மீதியை மென்பொருளே நிரப்பிவிடுகிறது. ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் அதே பெயர் கொண்ட வேறொரு வாடிக்கையாளருக்குப் போய்விடுகிறது. மடலின் அடியில், 'இது ரகசியமானது. உங்களுக்கு உரியதல்ல எனில் அழித்துவிடவும். பிறருக்கு அனுப்புவது சட்டவிரோதம்' என்ற வாசகம் இருக்கிறது. அந்த இடத்துக்குப் பெற்றவரின் கண் வருவதற்குள் பட்டியலைத் திறந்து பார்த்தாகிவிட்டது.

இந்த வாசகம் அவரைக் கட்டுப்படுத்துமா? இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி ஒருவர் முன்மொழிந்ததை மற்றவர் ஏற்றால்தான் உடன்பாடு. கேட்காமல் வந்த மடலைத் திறப்பது ஏற்பு ஆகாது. அழிக்கச் சொல்வது வேண்டுகோள்தான். சட்டவிரோதம் என்று அனுப்பியவர் எழுதிவிட்டதாலேயே ஒரு செயல் அப்படி ஆகிவிடுவதும் இல்லை.

ஆனாலும் அதை வெற்று வாசகம் என்று ஒதுக்க மாட்டேன். இங்கிலாந்தில் 1968-இல் தீர்ப்பான கோகோ எதிர் கிளார்க் வழக்கு, ஒப்பந்தம் இல்லாமலும் ரகசியம் காக்கும் கடமை பிறக்கும் என்பதற்கான அளவுகோலைத் தெளிவாக்கியது. தகவல் ரகசியத் தன்மை உடையதாக இருக்க வேண்டும். அதைப் பெறும் சூழலைப் பார்த்தால், நியாயமான எந்த மனிதருக்கும் இது நம்பி ஒப்படைக்கப்பட்டது என்று விளங்க வேண்டும். சம்பளப் பட்டியல் விஷயத்தில் அதைப் பார்த்ததுமே அது விளங்கிவிடும். அடிக்குறிப்பு கூடுதலாக ஒன்றும் செய்வதில்லை. பார்த்தால் சாதாரணமாகத் தெரியும் ஒரு வரைபடமோ விலைக் குறிப்போ போகும்போதுதான் அதற்கு வேலை. 'ரகசியம் என்று எனக்குத் தெரியாது' என்ற பதிலை அது பலவீனப்படுத்தும்.

அந்தப் பலனையும் நாமே கெடுத்துக்கொள்கிறோம். விடுப்பு விண்ணப்பத்திலும் தேநீர் அழைப்பிலும் அதே வாசகம் இருந்தால், எது உண்மையில் ரகசியம் என்று யாருக்குத் தெரியும்? அமெரிக்க வரி ஆலோசகர்களிடம் இது பெரிய அளவில் நடந்தது. சர்க்குலர் 230 என்ற விதித்தொகுப்பில் 2005 முதல் நடைமுறைக்கு வந்த கடுமையான நிபந்தனைகளிலிருந்து தப்ப, 'வரி அபராதத்தைத் தவிர்க்க இந்த ஆலோசனையைப் பயன்படுத்த முடியாது' என்ற பத்தியை எல்லா மடல்களிலும் ஒட்டினார்கள். வரிப் பேச்சே இல்லாத மடலும் தப்பவில்லை. அந்த நிபந்தனைகளை 2014-இல் நீக்கிய கருவூலத் துறை, தேவை பாராமல் ஒட்டப்பட்ட இந்தப் பத்தி வாடிக்கையாளர்களைக் குழப்பியது என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது.

தணிக்கை அலுவலகத்துக்கு வருவோம். பட்டியலைக் கடவுச்சொல் இட்டுப் பூட்டி, அந்தச் சொல்லைத் தொலைபேசியில் சொல்லியிருந்தால், தவறான கைக்குப் போனாலும் திறந்திருக்காது. தானாகப் பெயர் நிரப்பும் வசதியை அணைத்திருந்தால் தவறே நேர்ந்திருக்காது. போன பிறகு செய்யக்கூடியது, பெற்றவரை அன்றே அழைத்து அழிக்கக் கேட்டு, அவர் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிக்கொள்வது. அடிக்குறிப்பு கேட்ட சம்மதம் அப்போதுதான் உண்மையில் கிடைக்கிறது.