நன்னீர்ப் பள்ளியின் அளவுகோல்

அமெரிக்கப் பேரியல் பொருளியலாளர்கள் இரண்டு முகாம்களாகப் பிரிந்து நின்ற காலத்தில், உள்நிலப் பல்கலைக்கழகங்களை நன்னீர் என்றும் கடலோரப் பல்கலைக்கழகங்களை உவர்நீர் என்றும் 1976-ல் ராபர்ட் ஹால் வேடிக்கையாகப் பெயரிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. சிகாகோ, மினசோட்டா, ராச்செஸ்டர், கார்னகி மெலன் ஆகியவை நன்னீர். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் உவர்நீர். மெய் வணிகச் சுழற்சிக் கோட்பாடு நன்னீரில் பிறந்தது.

அதன் முன்னோர் ராபர்ட் லூக்காஸ். பணத்துக்கு அவர் ஓர் இடம் விட்டுவைத்திருந்தார். மக்கள் எதிர்பாராத வகையில் பண அளிப்பு கூடினால், பொது விலை உயர்வைத் தம் சரக்குக்கு வந்த கிராக்கி என்று உற்பத்தியாளர்கள் தவறாக எண்ணி உற்பத்தியைக் கூட்டுவார்கள் என்பது 1972-ல் அவர் சொன்ன விளக்கம். அடுத்த தலைமுறை அந்த இடத்தையும் அடைத்தது. பண அளிப்பு விவரம் சில வாரங்களிலேயே நாளிதழில் வந்துவிடும்போது, ஆண்டுக்கணக்கில் நீளும் மந்தத்துக்கு அந்தத் தவறான எண்ணம் எப்படிக் காரணமாகும் என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஃபின் கிட்லண்டும் எட்வர்ட் பிரெஸ்காட்டும் 1982-லும், ஜான் லாங்கும் சார்லஸ் பிளாசரும் 1983-லும் வெளியிட்ட கட்டுரைகளில் பணமே கிடையாது. பணமில்லாத பொருளாதாரத்திலும் ஏற்ற இறக்கம் வரும் என்று காட்டுவதுதான் நோக்கம்.

அவர்கள் சொன்ன கதை எளிது. உற்பத்தித்திறன் இந்தக் காலாண்டில் சரிகிறது. இன்றைய உழைப்புக்குப் பலன் குறைவு என்பதால் மக்கள் வேலையைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறார்கள், நிறுவனங்கள் முதலீட்டைத் தள்ளிப்போடுகின்றன. ஆலையும் இயந்திரமும் கட்டி முடிக்கப் பல காலாண்டுகள் ஆவதால் ஒரு சரிவின் விளைவு அடுத்தடுத்த காலாண்டுகளுக்கும் பரவுகிறது. அப்படியானால் மந்தம் என்பது சந்தையின் கோளாறு அல்ல. மாறிய சூழ்நிலைக்கு மக்கள் காட்டும் பொருத்தமான எதிர்வினை. மத்திய வங்கி வட்டியைக் குறைத்துச் சரிசெய்ய அங்கே எதுவும் இல்லை. பணக்கொள்கையால் பணவீக்கத்தைக் கூட்ட முடியும், உற்பத்தியைத் தாங்கிப்பிடிக்க முடியாது என்பதே இதன் முடிவு.

சோதிக்கும் முறையிலும் இந்தப் பள்ளி பழைய வழக்கத்தை விட்டது. சமன்பாடுகளைத் தரவில் பொருத்தி மதிப்பிடுவதற்குப் பதிலாக, எண்களை வெளியிலிருந்து எடுத்து மாதிரிக்குள் வைத்தார்கள். தேசிய வருவாயில் உழைப்பின் பங்கு ஏறத்தாழ 64 விழுக்காடு என்பது தேசியக் கணக்கிலிருந்து வந்தது. மற்ற எண்களும் இப்படியே. பிறகு மாதிரிக்குள் தொழில்நுட்ப அதிர்ச்சிகளைச் செலுத்தி, உற்பத்தியும் முதலீடும் நுகர்வும் எவ்வளவு ஆடுகின்றன என்று பார்த்து, அமெரிக்கத் தரவின் ஆட்டத்தோடு ஒப்பிட்டார்கள். நுகர்வு குறைவாகவும் முதலீடு பன்மடங்காகவும் ஆடியது, நிஜத்தில் நடப்பதைப் போலவே. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க ஏற்ற இறக்கத்தில் சுமார் 70 விழுக்காட்டைத் தொழில்நுட்ப அதிர்ச்சிகளே விளக்குவதாக 1991-ல் கிட்லண்டும் பிரெஸ்காட்டும் மதிப்பிட்டார்கள்.

அந்த அதிர்ச்சியை அளந்தது எப்படி என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. அளவுகோல் புதிதல்ல. ராபர்ட் சோலோ 1957-ல் நீண்டகால வளர்ச்சியை அளக்கப் பயன்படுத்தியதுதான். உற்பத்தி வளர்ச்சியிலிருந்து மூலதனத்தின் பங்களிப்பையும் உழைப்பின் பங்களிப்பையும் கழித்தால் மிஞ்சுவது தொழில்நுட்பம். 1909 முதல் 1949 வரை, ஒரு மணிநேர உழைப்புக்கான அமெரிக்க உற்பத்தி வளர்ச்சியில் எட்டில் ஏழு பங்கு இந்த எச்சத்தில் சேர்ந்தது. சோலோ நாற்பது ஆண்டுகளுக்குப் பயன்படுத்திய கோலைப் பிரெஸ்காட் ஒவ்வொரு காலாண்டுக்கும் பயன்படுத்தினார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காலாண்டில் உற்பத்தி 2 விழுக்காடு குறைகிறது. மூலதனம் மாறவில்லை. உழைத்த மணிநேரம் 1 விழுக்காடு குறைகிறது. உழைப்பின் பங்கு 0.64 என்பதால், உழைப்புக் குறைவு விளக்குவது 0.64 விழுக்காடு. மீதி 1.36 விழுக்காடு தொழில்நுட்பச் சரிவு என்று கணக்கில் ஏறுகிறது. இப்போது அந்தத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்ப்போம். ஆர்டர் குறைந்திருக்கிறது. பயிற்சி பெற்ற ஆட்களை அனுப்பிவிட்டால் திரும்பக் கிடைக்க மாட்டார்கள் என்று முதலாளி சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார். அவர்கள் மெதுவாக வேலை செய்கிறார்கள், தளத்தைக் கூட்டுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள். பதிவேட்டில் மணிநேரம் 1 விழுக்காடுதான் குறைந்திருக்கிறது. உண்மையான உழைப்பு 1 அல்ல, 2.5 விழுக்காடு குறைந்திருந்தால் அது விளக்குவது 1.6 விழுக்காடு, எச்சம் வெறும் 0.4. காணாமல் போனது தொழில்நுட்பம் அல்ல, வாடிக்கையாளர். தேவைச் சரிவு தொழில்நுட்பச் சரிவு என்ற பெயரில் உள்ளே நுழைந்துவிடுகிறது.

பிரெஸ்காட் தம் வாதத்தை 1986-ல் மினியாபொலிஸ் பெடரல் ரிசர்வ் வங்கியின் காலாண்டிதழில் விரித்தார். பணக்கொள்கைக்கு வேலையில்லை என்ற வாதத்தை மத்திய வங்கியின் கிளையே அச்சிட்டது. மறுப்பெழுதிய லாரன்ஸ் சம்மர்ஸ் இந்த உழைப்புப் பதுக்கலைச் சுட்டியதோடு, அந்த அதிர்ச்சிகள்தான் என்னென்ன என்று பெயர் சொல்லக் கேட்டார். எண்ணெய் விலை உயர்வு தவிர உருப்படியான பதில் வரவில்லை. மழை பொய்த்த ஆண்டில் விவசாய நாட்டின் உற்பத்தி ஏன் விழுந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். அமெரிக்கா போன்ற தொழில் நாடு ஒரே காலாண்டில் தன் தொழில்நுட்பத்தை மறந்துவிடுவது எப்படி?

பணத்தைப் பற்றி நன்னீர்ப் பள்ளி சொன்ன பதில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பணமும் உற்பத்தியும் சேர்ந்து நகர்வதை ஃப்ரீட்மேனும் ஷ்வார்ட்ஸும் 1963-ல் விரிவாகக் காட்டியிருந்தார்கள். ராபர்ட் கிங்கும் பிளாசரும் 1984-ல் அதைத் திருப்பிப் போட்டார்கள்: நல்ல காலம் வரப்போகிறது என்று தெரிந்தால் நிறுவனங்கள் முன்கூட்டியே கடன் வாங்குகின்றன, வங்கி வைப்புகள் பெருகுகின்றன, ஆகவே உற்பத்திதான் பணத்தை இழுக்கிறது. முன்னே வருவதாலேயே ஒன்று காரணமாகிவிடாது என்ற எச்சரிக்கை இன்றும் செல்லும்.

ஆனால் வட்டியை மத்திய வங்கி வேண்டுமென்றே உயர்த்தும்போது இந்த விளக்கம் போதாது. 1979 அக்டோபரில் பால் வோல்க்கர் பணவீக்கத்தை ஒடுக்கப் பணத்தை இறுக்கினார். வங்கிகளுக்கிடையிலான ஓரிரவு வட்டி 1981-ல் 19 விழுக்காட்டைத் தாண்டியது. வேலையின்மை 1982 இறுதியில் 10.8 விழுக்காட்டைத் தொட்டது. 1980 தொடக்கத்தில் 14-க்கு மேலிருந்த பணவீக்கம் 1983 இறுதியில் 4-க்குக் கீழே வந்தது. கிட்லண்டும் பிரெஸ்காட்டும் தங்கள் மெய் வணிகச் சுழற்சிக் கட்டுரையை வெளியிட்டது சரியாக அந்த 1982-ல்தான். வேலையிழந்த அத்தனை பேரும் தாமாக ஓய்வைத் தேர்ந்தார்கள் என்பதை நம்ப எனக்குத் துணிவில்லை.

இன்னொரு அடி 1999-ல் ஜோர்டி காலியிடமிருந்து வந்தது. உற்பத்தித்திறனை நிலையாக உயர்த்தும் அதிர்ச்சிகளைத் தரவிலிருந்து பிரித்தபோது, உழைத்த மணிநேரம் உடனடியாகக் குறைந்தது. மெய் வணிகச் சுழற்சி மாதிரியோ கூடும் என்கிறது. விலைகள் உடனே மாறாத உலகில் இது புரியும்: விற்பனை அவ்வளவே இருக்க, அதே சரக்கைக் குறைந்த ஆட்களைக் கொண்டு செய்கிறார்கள். காலியின் முறையை மறுத்தவர்களும் உண்டு, அந்தச் சண்டை முழுதாக ஓயவில்லை.

பள்ளியின் பட்டறை மட்டும் எதிர்முகாமுக்குப் போய்விட்டது. ஸ்மெட்ஸும் வவுட்டர்ஸும் 2003-ல் யூரோ நாடுகளுக்கும் 2007-ல் அமெரிக்காவுக்கும் கட்டிய மாதிரிகளின் உடல் கிட்லண்ட்–பிரெஸ்காட்டுடையது. அதில் மெதுவாக மாறும் விலையும் கூலியும் சேர்ந்ததும் வட்டிக்கு மீண்டும் வேலை வந்தது. கிட்லண்டும் பிரெஸ்காட்டும் 2004-ல் பெற்ற நோபல் பரிசில் பாதிப் பெருமை 1977-ல் எழுதிய வேறொரு கட்டுரைக்கு உரியது. விதிக்குக் கட்டுப்படாத மத்திய வங்கி பணவீக்கத்தில்தான் முடியும் என்றது அது. இந்தியா 2016-ல் சட்டமாக்கிய பணவீக்க இலக்கு அந்தச் சிந்தனையின் வழியில் வந்ததுதான்.

பிளாசர் 2006-ல் பிலடெல்பியா பெடரல் ரிசர்வ் வங்கியின் தலைவரானார். மினசோட்டாவிலிருந்து வந்த நாராயண கோச்சர்லகோட்டா 2009-ல் மினியாபொலிஸுக்குத் தலைவரானார். வட்டியை நீண்டகாலம் தாழ்வாக வைக்கும் உறுதிமொழியை 2011 ஆகஸ்ட்டில் இருவரும் சேர்ந்தே எதிர்த்து வாக்களித்தார்கள். 2014 டிசம்பரிலும் இருவர் வாக்கும் பெரும்பான்மைக்கு எதிரானதுதான். ஆனால் அப்போது கோச்சர்லகோட்டாவின் குறை, வங்கி செய்யும் தளர்வு போதவில்லை என்பது.